முதல் கார்ப்பரேட் வேலை, முதல் மூன்று மாதம்: யாரும் எழுதி வைக்காத ஆபீஸ் விதிகள்

வீட்டில் ஒருவராவது கம்பெனி வேலையில் இருந்தால் சில விஷயங்கள் சாப்பிடும் நேரத்திலேயே காதில் விழுந்துவிடும். மேனேஜர் ஏன் கடுப்பானார், லீவை எப்படிக் கேட்டு வாங்கினார்கள், யாருக்கு மெயில் போட்டால் வேலை நடக்கும் என்பதெல்லாம் அப்படித்தான் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவருக்கு இந்தப் பேச்சு கிடைப்பதில்லை. ஓஎம்ஆரில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஐடி கார்டைத் தேய்த்து நுழைந்த பிறகுதான், அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஒழுங்கு இருப்பதும் அது எந்தக் கையேட்டிலும் இல்லை என்பதும் புரியும்.

சென்னை ஐடி கம்பெனிகளில் டீம் லீடாகப் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களில் வேலை தெரியாமல் தடுமாறியவர்களைவிட, வாய் திறக்காமல் தடுமாறியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணமும் உண்டு. பெரியவர்கள் சொன்னால் தலையாட்ட வேண்டும், குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது, நம் கஷ்டத்தைச் சொல்லி மற்றவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றுதான் வீட்டிலும் கல்லூரியிலும் பழக்கியிருக்கிறார்கள். அங்கே அது மரியாதை. ஆபீஸில் அதே ஆளைப் பார்த்து, "இவருக்கு வேலை புரிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை" என்பார்கள். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடைவெளியை எப்படித் தாண்டுவது என்பதைப் பற்றியவை.

படி 1: உங்கள் பெயரை முதலில் சரி செய்யுங்கள்

சேரும் நாளில் நிரப்பச் சொல்லும் படிவத்தில் First Name, Last Name என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மா. தமிழரசி என்ற பெண் என்ன செய்வார்? இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட முடியாததால் அப்பா பெயரை எழுதுவார். ஒரு வாரம் கழித்து மெயிலில் அவர் பெயர் "மாரிமுத்து, தமிழரசி" என்று நிற்கும். அமெரிக்காவிலிருக்கும் கிளையன்ட் "ஹாய் மாரிமுத்து" என்று தொடங்குவார். கூச்சத்தில் திருத்தாமல் விட்டால் இரண்டு வருடம் ஆனாலும் அப்பா பெயரில்தான் மீட்டிங்கில் உட்கார வேண்டும்.

இதற்கு வழி சுலபம். சம்பளம், பிஎஃப், வரி சம்பந்தமான பதிவுகளில் ஆதாரில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். ஆதாரில் "தமிழரசி எம்" என்றும் பான் கார்டில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால், சேரும் நாளிலேயே எச்ஆரிடம் சொல்லி எது எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள். பிஎஃப் கணக்கில் பெயரோ பிறந்த தேதியோ ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால், பின்னால் பணம் எடுக்கும்போதும் வேறு கம்பெனிக்கு மாற்றும்போதும் அலைய வேண்டி வரும். மெயிலிலும் சாட்டிலும் தெரியும் பெயர் வேறு சமாச்சாரம். பல கம்பெனிகளில் அதை மட்டும் தனியாக மாற்ற முடியும். ஐடி சப்போர்ட்டுக்கு ஒரு டிக்கெட், அதாவது கோரிக்கை, போட்டால் போதும்.

ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டுங்கள், கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது வைத்துக்கொள்கிறோம் என்றால், எதற்காக, எவ்வளவு நாள் என்று மெயிலில் கேளுங்கள். ஒழுங்கான இடத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் கோபப்பட மாட்டார்கள்.

படி 2: பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், "நீங்க" மட்டும் இருக்கட்டும்

நாற்பது வயது மேனேஜரை "கார்த்திக்" என்று கூப்பிடச் சொன்னால் பலருக்கு நாக்கு எழாது. "கார்த்திக் சார்" என்பார்கள், இல்லாவிட்டால் பெயரே சொல்லாமல் "எக்ஸ்க்யூஸ் மீ" என்று நின்றுகொண்டிருப்பார்கள். பெரும்பாலான ஐடி கம்பெனிகளில் வைஸ் பிரசிடென்ட் வரை பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். தமிழில் பேசும்போது மரியாதை வினைச்சொல்லில் இருந்தால் போதும். "கார்த்திக், ஃப்ரீயா இருக்கீங்களா? ஒரு அஞ்சு நிமிஷம் வேணும்." இதில் யாருக்கும் மரியாதைக் குறைவு கிடையாது.

எல்லா இடமும் அப்படி இல்லை. வங்கி, தொழிற்சாலை, பழைய குடும்பக் கம்பெனிகளில் இன்றும் சார், மேடம்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பிளான்ட்டில் சேர்ந்த முதல் நாளே ஜெனரல் மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் இரண்டு நாள் கவனியுங்கள். உங்களுக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவர் உங்கள் மேனேஜரை எப்படிக் கூப்பிடுகிறாரோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணா, அக்கா எல்லாம் கேன்டீனில் சரி, அவர்களுக்கும் பிடித்திருந்தால். மீட்டிங்கில் வேண்டாம். அப்புறம், மேனேஜர் உங்கள் இடத்துக்கு வந்தால் விறைப்பாக எழுந்து நிற்க வேண்டியதில்லை. நாற்காலியைத் திருப்பி நிமிர்ந்து பார்த்துப் பேசினால் போதும்.

படி 3: வேலையை வாங்கும்போது "ஓகே"யோடு நிறுத்தாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம்.

திங்கட்கிழமை காலை 11 மணி. லீட் கார்த்திக் உங்கள் பக்கம் வந்து, "போன மாசம் வந்த கஸ்டமர் புகாரை எல்லாம் பிரிச்சு ஒரு ஷீட் போட்டுக் குடுங்க, வியாழக்கிழமை வேணும்" என்கிறார். நீங்கள் "ஓகே" என்கிறீர்கள். அவர் போய்விடுகிறார். அடுத்த அரை மணி நேரம் எக்செல்லைத் திறந்து வைத்துக்கொண்டு விழிக்கிறீர்கள். ஏனென்றால் அவர் சொன்ன ஒரு வரியில் நான்கு ஓட்டைகள் இருக்கின்றன. போன மாதம் என்றால் ஒன்றாம் தேதி முதல் முப்பது வரையா, கடந்த முப்பது நாளா? எதை வைத்துப் பிரிப்பது, பொருள் வாரியாகவா, காரணம் வாரியாகவா? தீர்த்து மூடிய புகார்களும் வேண்டுமா? வியாழக்கிழமை என்றால் காலையா, மாலையா?

அவர் வேண்டுமென்றே மறைக்கவில்லை. அவர் தலைக்குள் இதற்கெல்லாம் பதில் இருப்பதால் சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதனால் அவர் நிற்கும்போதே நோட்டை எடுத்துக் கேளுங்கள். எது கேட்க வேண்டும் என்று அந்த நிமிடத்தில் தோன்றாவிட்டால் இந்த இரண்டு கேள்விகள் எந்த வேலைக்கும் பொருந்தும்: "இதை யார் பார்க்கப் போறாங்க?", "இதுக்கு முன்னாடி செஞ்ச மாதிரி ஏதாவது இருக்கா?" யார் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கிளையன்ட் பார்க்கப் போகும் ஷீட்டும், கார்த்திக் தன் கணக்குக்காகப் பார்க்கும் ஷீட்டும் ஒன்றல்ல. பழைய மாதிரி ஒன்று கிடைத்தால் மீதிப் பாதியும் தீரும்.

அவர் போன பத்து நிமிடத்துக்குள் சாட்டில் இப்படி ஒன்று அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய இடமாக இருந்தால் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினால் போதும்.

"கார்த்திக், நான் புரிந்துகொண்டது: போன மாதம் 1 முதல் 30 வரை வந்த புகார்கள், மூடியவையும் சேர்த்து. காரணம் வாரியாகப் பிரிக்கிறேன். வியாழன் மதியம் 3 மணிக்குள் தருகிறேன். ஏதாவது தவறாக இருந்தால் சொல்லுங்கள்."

இந்த நான்கு வரி இரண்டு வேலை செய்யும். நீங்கள் தவறாகப் புரிந்திருந்தால் திங்கட்கிழமையே தெரிந்துவிடும். சரியாகப் புரிந்திருந்தும் பின்னால் அவர் மனசு மாறி, "நான் பொருள் வாரியாகத்தானே கேட்டேன்" என்றால் எழுத்தில் ஒன்று இருக்கும். அதைக் காட்டிச் சண்டை போட வேண்டாம். இருவரும் அதைத் திரும்பப் படித்தால் பேச்சு தானாகவே முடிந்துவிடும்.

அன்று மாலையே முதல் இருபது புகாரைப் பிரித்து, "இதே மாதிரி போகலாமா?" என்று ஒரு தடவை காட்டிவிடுங்கள். நானூறு வரியையும் முடித்துவிட்டுக் காட்டினால் அவர் ஷீட்டில் ஒரு column-ஐ மாற்றச் சொன்னாலும் நானூறையும் மாற்ற வேண்டும். கல்லூரி ரெக்கார்டு நோட்டு மாதிரி முழுதாக முடித்துத்தான் சமர்ப்பிக்க வேண்டும் என்ற எண்ணத்தை இங்கே விட்டுவிடலாம்.

படி 4: சந்தேகம் கேட்கும் விதம்

உடனே கேட்டால் "தானாக முயற்சி செய்யவில்லை" என்பார்கள், கேட்காமலே இருந்தால் நாள் போய்விடும். நான் என் டீமில் வைத்திருந்த அளவு அரை மணி நேரம். அரை மணி நேரம் நீங்களே பாருங்கள். நகரவில்லை என்றால் கேளுங்கள். மூன்று மணி நேரம் மானிட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை யாரும் உழைப்பு என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

சாட்டில் "ஹாய்" என்று போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். நமக்கு அது நாகரிகம். குசலம் விசாரிக்காமல் காரியத்தைப் பேசுவது எப்படி என்று தோன்றும். ஆனால் எதிர்ப்பக்கம் இருப்பவர் மீட்டிங்கில் இருந்தபடி "ஹாய்" என்று பதில் போட்டுவிட்டு, நீங்கள் டைப் செய்து முடிப்பதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். வணக்கத்தையும் விஷயத்தையும் ஒரே செய்தியில் வையுங்கள். என்ன செய்ய முயன்றீர்கள், என்ன நடந்தது, அதுவரை என்னென்ன பார்த்தீர்கள், இப்போது என்ன வேண்டும் என்று நான்கு வரி. எரர் வந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு, அந்த எழுத்தையும் காப்பி செய்து போடுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் உங்களுக்கு உதவ நினைப்பவர் உங்களிடமே ஐந்து கேள்வி கேட்க வேண்டியிருக்கும்.

யாரிடம் கேட்பது? உங்களுக்கு வழிகாட்ட buddy என்று ஒருவரை ஒதுக்கியிருந்தால் முதலில் அவர். அப்புறம் டீம் குரூப். கடைசியாக லீட். குரூப்பில் கேட்கத்தான் பலருக்கு வெட்கம். எல்லோரும் பார்ப்பார்களே! பார்க்கட்டும். நாலு பேரில் ஒருவராவது பதில் சொல்வார், அதே சந்தேகம் இருக்கும் இன்னொரு புதியவரும் படித்துக்கொள்வார். சொன்ன பதிலை எழுதி வையுங்கள். ஒரே கேள்வியை இரண்டாவது தடவை கேட்டால் மன்னித்துவிடுவார்கள். மூன்றாவது தடவை கேட்டால் நீங்கள் எழுதி வைப்பதில்லை என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 5: தாமதத்தை முன்கூட்டியே சொல்லுங்கள்

அதே புகார் ஷீட்டுக்குத் திரும்புவோம். செவ்வாய் மதியம் ஒரு சிக்கல். மூடிய புகார்கள் வேறொரு ஆர்க்கைவில் இருக்கின்றன, அதைத் திறக்க உங்களுக்கு ஆக்சஸ் இல்லை. திங்கள் மாலையே கேட்டாயிற்று, இன்னும் வரவில்லை. இங்கேதான் நம் ஆட்கள் பலரும் வாயை மூடிக்கொள்வார்கள். "நாளைக்கு வந்துவிடும், எதற்குச் சொல்லிக்கொண்டு" என்று புதன் போகும். வியாழன் காலையில் வயிறு கலங்கும். மாலை ஐந்து மணிக்கு கார்த்திக் கேட்கும்போது, "ஆக்சஸ் வரல" என்பார்கள்.

வியாழன் ஐந்து மணிக்கு கார்த்திக்கால் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. ஆறு மணிக்கு அவர் தன் மேனேஜரிடம் வெறுங்கையோடு நிற்க வேண்டும். இதையே செவ்வாய் மாலை தெரிந்திருந்தால் அவருக்கு மூன்று வழிகள் இருந்தன. ஆக்சஸ் கொடுக்கும் டீமில் தெரிந்தவருக்குப் போன் போட்டிருப்பார். ஏற்கெனவே ஆக்சஸ் உள்ள ஒருவரை எடுத்துத் தரச் சொல்லியிருப்பார். இல்லாவிட்டால் மேனேஜரிடம் வெள்ளிக்கிழமை என்று அப்போதே சொல்லியிருப்பார். அவர் கோபம் தாமதத்தின் மேல் பாதிதான். மீதிப் பாதி, இரண்டு நாள் தெரிந்தும் நீங்கள் சொல்லாததன் மேல்.

செவ்வாய் மாலை அனுப்ப வேண்டியது இது:

"கார்த்திக், புகார் ஷீட் பற்றி. திறந்திருக்கும் 260 புகார் பிரித்தாகிவிட்டது. மூடியவை ஆர்க்கைவில் இருக்கின்றன. திங்கள் மாலை 4 மணிக்கு ஆக்சஸ் கேட்டேன், இன்னும் வரவில்லை. இன்று மதியம் நினைவூட்டினேன். புதன் மதியத்துக்குள் வந்தால் வியாழன் 3 மணிக்குத் தர முடியும். வராவிட்டால் வெள்ளி மதியம் ஆகும். ஏற்கெனவே ஆக்சஸ் உள்ள யாராவது எடுத்துத் தர முடியுமா?"

இதில் "சாரி" இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் தவறாக இருந்தால் ஒரு தடவை சொல்லலாம். ஒவ்வொரு செய்தியிலும் மூன்று சாரி போட்டால் படிப்பவருக்கு விஷயம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எது முடிந்தது, எது நிற்கிறது, நீங்கள் என்ன செய்தீர்கள், எப்போது முடியும், அவரிடமிருந்து என்ன வேண்டும் என்பவை இருந்தால் போதும்.

உங்கள் மேல் நம்பிக்கை குறைகிறது என்றால் யாரும் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். அறிகுறிகள் வேறு மாதிரி வரும். லீட் ஒரு நாளைக்கு இரண்டு தடவை "எந்த அளவில் இருக்கு?" என்று கேட்க ஆரம்பிப்பார். உங்களுக்கு நேராகத் தந்த வேலை இன்னொருவர் வழியாக வரத் தொடங்கும். கெடு வைக்காத சில்லறை வேலைகள் மட்டும் வரும். இதைக் கண்டால் அவர் கேட்கும் முன்பே தினமும் மாலை இரண்டு வரியில் நிலவரம் அனுப்பத் தொடங்குங்கள். கொஞ்ச நாளில் அவர் கேட்பதை நிறுத்திவிடுவார்.

படி 6: மெயிலும் மீட்டிங்கும்

மெயிலில் To என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வேலை செய்ய வேண்டும். Cc-யில் இருப்பவர் தெரிந்துகொண்டால் போதும். இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லோரையும் To-வில் போட்டால் யாரும் செய்ய மாட்டார்கள், ஒவ்வொருவரும் அடுத்தவர் செய்வார் என்று இருந்துவிடுவார்கள்.

Cc-க்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. வேறு டீமில் ஒருவரிடம் ஏதோ கேட்டு மெயில் போடுகிறீர்கள். முதல் மெயிலிலேயே அவருடைய மேனேஜரை Cc-யில் வைத்தால் அவர் அதைப் புகாராகத்தான் எடுத்துக்கொள்வார். முதலில் அவருக்கு மட்டும். இரண்டு நாளில் பதில் இல்லை என்றால் நினைவூட்டல், அதுவும் அவருக்கு மட்டும். அதற்கும் பதில் இல்லை என்றால் உங்கள் லீடிடம் கேளுங்கள், "அவங்க மேனேஜரைச் சேர்க்கலாமா?" என்று. அந்த முடிவை முதல் வருடத்தில் நீங்களே எடுக்க வேண்டாம்.

Reply All அழுத்தும் முன் மேலே எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். முந்நூறு பேருக்குப் போன வாழ்த்து மெயிலுக்கு முந்நூறு பேருக்கும் "நன்றி" அனுப்புவது எல்லாக் கம்பெனியிலும் யாரோ ஒருவர் செய்வதுதான். ஆபீஸ் ஃபைலைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பி வீட்டில் செய்யலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் பாதுகாப்பு டீமுக்கு எச்சரிக்கை போகும், வேலையே போகலாம். இடத்தைவிட்டு எழுந்தால் விண்டோஸ் சாவியையும் L-ஐயும் சேர்த்து அழுத்தி ஸ்கிரீனைப் பூட்டுங்கள்.

டீமின் காலை ஸ்டாண்ட்அப் மீட்டிங்கில் பேச ஆங்கிலம் வரவில்லை என்ற பயம் பலருக்கு இருக்கும். அங்கே கேட்பது மூன்றே விஷயம்: நேற்று என்ன முடித்தீர்கள், இன்று என்ன செய்கிறீர்கள், எங்கே நிற்கிறது. மூன்று வாக்கியத்தை எழுதி வைத்துப் படியுங்கள். கேமரா இல்லாத அழைப்பில் நீங்கள் படிப்பது யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் குறையில்லை. ஒரு ஹிந்திக்காரரோ மலையாளியோ டீமில் இருக்கும்போது வேலை விஷயத்தைத் தமிழிலேயே பேசி முடித்துவிடாதீர்கள். நாளைக்கு நீங்கள் பெங்களூரிலோ புனேவிலோ அதே மாதிரி தனியாக உட்கார்ந்திருக்கலாம்.

படி 7: லீவு

மேனேஜர் "சரி, போய்ட்டு வாங்க" என்று சொன்னது லீவு ஆகாது. போர்ட்டலில் போட்டு, அவர் அங்கே அப்ரூவ் செய்த பிறகுதான் அது லீவு. அதைச் செய்யாமல் ஊருக்குப் போனவர்கள் மாதக் கடைசியில் சம்பளம் குறைந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டீமே ஊருக்குப் போகப் பார்க்கும். யார் முதலில் கேட்கிறாரோ அவருக்குத்தான் சுலபமாகக் கிடைக்கும். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு பயணத் தேதிக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது. டிக்கெட் போடுவதற்கு முந்தைய வாரமே மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். டிக்கெட் போட்டுவிட்டு, "ஏற்கெனவே புக் பண்ணிட்டேன்" என்று போய் நிற்பது கேட்பது போல இருக்காது, அறிவிப்பது போல இருக்கும். கேட்கும்போதே நீங்கள் இல்லாத நாட்களில் உங்கள் வேலையை யார் பார்ப்பார் என்றும் பேசி வைத்துவிட்டுக் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

ஊர்த் திருவிழா, தங்கை காதுகுத்து என்று உண்மையைச் சொல்லியே கேட்கலாம். "பர்சனல் வேலை" என்றாலும் போதும், விளக்கம் தேவையில்லை. காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தேரோட்டம் போடுவதுதான் கூடாது. லீடின் நம்பரும் உங்கள் போனில்தானே இருக்கிறது!

நிஜமாகவே உடம்பு சரியில்லை என்றால் ஷிஃப்ட் தொடங்கும் முன்பே லீடுக்கு ஒரு செய்தி. அன்று முக்கியமான வேலை இருந்தால் போன். எழுதவே முடியாத நிலை என்றால் அறை நண்பரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் சாவு என்றால் நேராகப் போன் செய்து, "பாட்டி இறந்துட்டாங்க, இப்பவே கிளம்பறேன், எத்தனை நாள்னு நாளைக்குச் சொல்றேன்" என்றால் போதும். போர்ட்டல் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பல கம்பெனிகளில் நெருங்கிய உறவினர் மரணத்துக்குத் தனி லீவு உண்டு. திரும்பி வந்ததும் எச்ஆரிடம் கேளுங்கள்.

படி 8: கேன்டீனில் வரும் கேள்விகள்

சாப்பிடும்போது ஒருவர் கேட்பார், "எந்த ஊர்?" சொல்வீர்கள். "அங்கே எந்தப் பக்கம்?" அதையும் சொல்வீர்கள். "அப்பா என்ன பண்றார்? உங்க குலதெய்வம் எது?" என்று போகும்போது எங்கே வருகிறார் என்று புரிந்துவிடும். எல்லோரும் அந்த எண்ணத்தில் கேட்பதில்லை. சிலர் அந்த எண்ணத்தில்தான் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "தர்மபுரி பக்கம்தான். நீங்க சென்னையேவா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தொடருங்கள். நேராகச் சாதியைக் கேட்டால், "அது இங்கே எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். அதற்கு மேலும் விடாவிட்டாலோ, அதை வைத்துக் கேலி, ஒதுக்கல் என்று போனாலோ தேதி போட்டு எழுதி வைத்து எச்ஆருக்கு மெயில் அனுப்ப வேண்டிய விஷயம் அது.

பணத்தைப் பற்றியும் ஒன்று. முதல் சம்பளத்துக்கு ட்ரீட் கேட்பார்கள். டீமுக்கே ஓட்டலில் விருந்து வைக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒரு பெட்டி இனிப்பு வாங்கி வைத்து முடித்துக்கொள்ளலாம். பெரிய ஓட்டலுக்கு டீமாகப் போகும்போது, "கம்பெனி தருதா, நாம பிரிச்சுக்கறோமா?" என்று கிளம்பும் முன்பே கேட்பதில் கேவலம் ஒன்றுமில்லை. உங்களைப் போலவே கணக்குப் போட்டுக்கொண்டு கேட்காமல் இருந்த இரண்டு பேர் நிம்மதியாவார்கள். குடிக்க மாட்டேன் என்றால் "வேண்டாம், எனக்கு ஜூஸ்" என்று ஒரே தடவை சொல்லுங்கள், காரணம் அடுக்க வேண்டாம்.

எதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது

மேலே சொன்னதெல்லாம் பழக்கவழக்கம். சில விஷயங்கள் சட்டம். பெண் ஊழியர்களிடம் தவறான பேச்சு, தொடுதல், ராத்திரி நேரத்து ஆபாசச் செய்திகள் எல்லாம் "ஆபீஸ்னா அப்படித்தான்" என்ற கணக்கில் வராது. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்கள் யார் என்று ஆபீஸ் சுவரிலோ இன்ட்ராநெட்டிலோ போட்டிருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகப் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். வந்த செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சொந்தப் போனில் வையுங்கள். புகாரை மேனேஜர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், குழுவுக்கே நேராகத் தரலாம்.

படி 9: மூன்றாவது மாத முடிவில்

பல கம்பெனிகளில் ப்ரொபேஷன் ஆறு மாதம் என்று ஆஃபர் லெட்டரில் இருக்கும். அது முடியும் வரை காத்திருந்தால், ஏதாவது குறை இருந்தால் திருத்த நேரம் இருக்காது. மூன்றாவது மாத முடிவில் லீடிடம் பதினைந்து நிமிடம் கேளுங்கள். "எப்படிப் பண்றேன்?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லாப் போகுது" என்ற பொதுவான பதில்தான் வரும். "அடுத்த மூணு மாசத்துல நான் ஒண்ணே ஒண்ணை மாத்திக்கணும்னா அது எது?" என்று கேளுங்கள். அதற்கு அவர் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். கேட்டதும் காரணம் சொல்லத் தொடங்காமல் எழுதிக்கொள்ளுங்கள். போகும்போது கையில் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த மூன்று மாதத்தில் நீங்கள் முடித்த வேலைகளின் பட்டியல். புகார் ஷீட் மாதிரிச் சின்ன வேலையும் அதில் இருக்கலாம். உங்கள் லீடுக்குப் பத்து பேர் இருந்தால் நீங்கள் செய்ததில் பாதி அவருக்கு நினைவில் இருக்காது.

ஆறு மாதம் முடிந்ததும் கன்ஃபர்மேஷன் லெட்டர் தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள். ஒரு வாரம் தாண்டியும் வராவிட்டால் எச்ஆருக்கு To, லீடுக்கு Cc என்று மூன்று வரி மெயில் போடுங்கள். சேர்ந்த தேதி, எம்ப்ளாயி ஐடி, ப்ரொபேஷன் முடிந்த தேதி, லெட்டர் எப்போது கிடைக்கும் என்ற கேள்வி. லெட்டர் வந்ததும் அதன் பிரதியைச் சொந்த மெயிலில் போட்டு வையுங்கள். சம்பளச் சீட்டையும் உங்கள் பெயரில் வரும் கடிதங்களையும் பெரும்பாலான இடங்களில் அப்படி வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. சந்தேகமாக இருந்தால் அதே மெயிலில் எச்ஆரிடம் அதையும் கேட்டுவிடுங்கள்.